அவள் பெயர், என் எண்

அந்த வங்கி மேலாளர் பொய் சொன்னார். நூறு பேர் உட்கார்ந்திருந்த கோயில் மண்டபத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஒரு விதவையின் வரிப் பணம் என் எண்ணில் போய்விட்டது, அதை என்னிடம்தான் கேட்க வேண்டும் என்று சொன்னார். சொல்லிவிட்டு சமோசா சாப்பிட்டார்.

நான் அந்தமானில், சாத்தம் சர்க்கார் மரமில்லில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். ரம்பத்துக்கு இடது கையில் ஒன்றரை விரல் கொடுத்திருக்கிறேன். யாரிடமிருந்தும் ஒரு ரூபாய் எடுத்ததில்லை. அதனால் என்ன நடந்தது என்பதை நானே எழுதிவிடுகிறேன். அழகாக எழுத வராது. நடந்தது நடந்தபடி இருக்கும்.

சுனாமி முடிந்து சில வாரங்களில், தெற்குத் தீவுகளிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் போர்ட் பிளேருக்கு வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூடங்களில் முகாம். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்களில் நம் தமிழர்கள் நிறைய. இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்து ரப்பர் பால் எடுத்துப் பிழைத்தவர்கள். அலை வந்தபோது உடம்பில் இருந்த துணியைத் தவிர அவர்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாம் கடலுக்குள்.

பிறகு நிவாரணப் பணம் வந்தது. பணத்தை வாங்க வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கு திறக்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். இவர்களுக்கு போர்ட் பிளேரில் யாரைத் தெரியும்? முகாமுக்குச் சோறு கொண்டுபோன என்னைத் தெரியும். போய்க் கையெழுத்துப் போட்டேன். ஒருவருக்குப் போட்டேன், அவர் இன்னொருவரைக் கூட்டி வந்தார். கடைசியில் எட்டுக் குடும்பம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு பான் கார்டு வந்திருந்தது. மில்லில் எங்கள் பிரிவில் முதலில் வாங்கியவன் நான். பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அறிமுகம் செய்பவர் என்ற கட்டத்தில் கையெழுத்தும் கணக்கு எண்ணும் கேட்டிருந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் கீழே என் பான் நம்பரையும் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. இவன் சும்மா ஆள் இல்லை, வரி கட்டுகிற சர்க்கார் ஆள் என்று வங்கிக்காரனுக்குத் தெரியட்டுமே என்று எழுதினேன். எட்டு விண்ணப்பத்திலும் எழுதினேன், கொட்டை எழுத்தில்.

என் முட்டாள்தனம் அவ்வளவுதான். அதை நான் மறைக்கவில்லை. மறைத்தவர் வேறு ஆள்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி கச்சாலிலிருந்து வந்தவள். புருஷனையும் மூத்த மகனையும் ஒரே காலையில் பறிகொடுத்தவள். இரண்டு உயிருக்கும் கிடைத்த நிவாரணம், புருஷனின் சேமநிதி, எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்தை நிரந்தர வைப்பில் போட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பத்தாயிரம் ரூபாய் வட்டி. அதுவும், வீடுகளில் சமையல் செய்து வருகிற கூலியும்தான் அவளுக்கும் மகளுக்கும் சோறு. பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தாள்.

ஒரு நாள் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, பத்தாயிரம் வரணும். ஒம்பதாயிரம்தான் போட்டிருக்கான். கேட்டா டீடிஎஸ்ங்கிறான். அது யாருண்ணே?"

யாருமில்லை, வரி என்று சொன்னேன். ஒரு கிளையில் வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வட்டி வந்தால் வங்கி பத்து சதவீதம் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டிவிடும். அது முன்பணம் மாதிரி. வருஷம் முடிந்ததும் அவரவர் மொத்த வருமானத்தைக் கூட்டிப் பார்த்து, இன்னும் வரி இருந்தால் கட்ட வேண்டும், அதிகம் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். வங்கி பிடித்தாயிற்று, கணக்கு முடிந்தது என்று நினைக்கிற படித்த ஆட்களே இந்த ஊரில் நிறைய.

அவள் வருமானத்துக்கு வரியே கிடையாது. வருஷத் தொடக்கத்திலேயே அதை எழுதிக் கொடுக்கும் 15ஜி படிவம் கொடுத்திருந்தால் பிடித்தே இருக்க மாட்டார்கள். நானே அவளோடு வங்கிக்குப் போய்க் கேட்டேன்.

"படிவம் ஸ்டாக் இல்ல சார். மெயின்லேண்ட்லேர்ந்து வரணும்" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

இந்தத் தீவில் உருளைக்கிழங்கு கப்பலில் வரும், வெங்காயம் கப்பலில் வரும், சரி. ஒரு தாள் காகிதமும் கப்பலில்தான் வர வேண்டுமா? பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை இருந்தது. அடுத்த வருஷமும் கேட்டோம். அப்போதும் கப்பல் வரவில்லை.

இப்படியே சில வருஷம் போனது. பிறகு அபர்தீன் பஜாரில் வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் ஒரு வங்காளிப் பையனிடம் அவளைக் கூட்டிப்போனேன். பையன் என்று சொல்கிறேன், முப்பத்தைந்து வயது இருக்கும். முதலில் அவளுக்கு பான் கார்டு எடுத்துக் கொடுத்தான். வங்கியிடம் நாலு தடவை அலைந்து, வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழை வாங்கினோம். வட்டி நாற்பதாயிரம், பிடித்த வரி நாலாயிரம், மேலாளரின் கையெழுத்து, முத்திரை. அவன் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டி ரிட்டர்ன் போட்டான். ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். "நாலாயிரம் வாபஸ் ஆயேகா ஆன்ட்டி" என்றான், பிடித்தது முழுக்கத் திரும்பி வந்துவிடும் என்று.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்த நாலாயிரத்தை அவள் நம்பியிருந்தாள்.

பல மாதம் கழித்து வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. கேட்ட வரி வரவு நாலாயிரம். ஏற்றுக்கொண்டது பூஜ்யம். ரீஃபண்ட் பூஜ்யம்.

கடிதத்தோடு அவள் நேரே வங்கிக்குப் போயிருக்கிறாள். நான் அப்போது கண் ஆபரேஷனுக்குச் சென்னை போயிருந்தேன். மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "விசாரிச்சுச் சொல்றேன்மா" என்று அனுப்பிவிட்டார். நான் திரும்பி வந்த வாரம்தான் அந்த வாடிக்கையாளர் கூட்டம் வந்தது.

மேலாளரைப் பற்றி ஒரு வார்த்தை. மெயின்லேண்டிலிருந்து இரண்டு வருஷப் போஸ்டிங்கில் வந்தவர். வந்த நாளிலிருந்து திரும்பிப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர். மேசைக் காலண்டரில் ஒவ்வொரு நாளையும் சிவப்புப் பேனாவால் அடித்து வைத்திருப்பார். சிறையில் இருப்பவன்கூட அவ்வளவு ஒழுங்காக அடிக்க மாட்டான்.

கூட்டத்தில் அவர் சேமிப்பின் அருமையைப் பற்றிப் பேசினார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார். அவள் எழுந்தாள்.

"சார், என் நாலாயிரம் எங்க போச்சு? நீங்க கட்டல்லியா?"

மேலாளர் சிரித்தார். "பேங்க் கட்டிடுச்சும்மா. ஒரு பைசா குறையாம கட்டிடுச்சு. ஆனா உங்க வரி வேற ஒருத்தர் பான் நம்பர்ல போயிருக்கு. உங்களை அறிமுகம் பண்ணாரே, அவர் நம்பர். அவரே தன் கையால எழுதிக் கொடுத்திருக்கார். அதை அவர்கிட்டதான் நீங்க கேக்கணும்."

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. பின்னால் யாரோ, "ஓஹோ, சும்மாவா சோறு கொண்டுபோனாரு" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நான் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மைக் அவர் கையில் இருந்தது. "தனிப்பட்ட விஷயத்தை பிராஞ்சில் பேசிக்கலாம்" என்று சொல்லி, டீ கொண்டுவரச் சொல்லிவிட்டார். என் பெயரைக் கெடுத்தது பொது விஷயம். என் பதில் மட்டும் தனிப்பட்ட விஷயம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டது ஒரே கேள்வி. "கேக்காத எடத்துல எதுக்கு நம்பர எழுதுனீங்க?"

மறுநாள் காலையில் அவள் வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். அதுவரை அவள் அப்படி நின்றதில்லை.

"அண்ணே, நான் ஒங்கள ஒண்ணும் சொல்லல்ல. எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிருங்க. கஷ்டத்துக்கு எடுத்திருப்பீங்க. அது போகட்டும். நான் வேற வழி பாத்துக்கிறேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மன்னித்துவிட்டாள். எடுக்காத பணத்துக்கு மன்னிப்பு வாங்கியவன் ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அவளிடம் 16ஏ சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். மேலே அவள் பெயர், அவள் முகவரி. அதற்குக் கீழே பான் எண் என்ற இடத்தில் என் எண். அவள் அதைப் பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை, ஐநூறு ரூபாய் வாங்கிய வங்காளியும் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்ட மேலாளர் பார்த்தாரா என்பது அவருக்குத்தான் தெரியும். வருமான வரிக் கம்ப்யூட்டருக்குப் பெயரெல்லாம் தெரியாது, எண்தான் தெரியும். அவள் தன் பான் நம்பரில் நாலாயிரம் கேட்டாள். அந்த நம்பரில் யாரும் எதுவும் கட்டியிருக்கவில்லை. பூஜ்யம் வராமல் என்ன வரும்?

அவளையும் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனேன். "என் 26ஏஎஸ்ஸை எடு" என்றேன். நம் பான் நம்பரில் யார் யார் எவ்வளவு வரி கட்டியிருக்கிறார்கள் என்று வரித்துறை வைத்திருக்கும் பட்டியல் அது. வங்காளி எடுத்துப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"அரே பாப் ரே! அங்கிள், நீங்க இவ்ளோ பெரிய ஆளா? மூணு லட்சத்து எண்பதாயிரம் வட்டி!"

என் சொந்த வட்டி அறுபதாயிரம். பிடித்த வரி ஆறாயிரம். அதை மட்டும்தான் நான் ரிட்டர்னில் காட்டியிருந்தேன். பட்டியலில் என் பெயரில் நின்ற வரி முப்பத்தெட்டாயிரம். மிச்ச முப்பத்திரண்டாயிரம் எட்டுக் குடும்பத்தின் பணம். அதில் ஒரே மாதிரி நாலு பதிவு: வட்டி பத்தாயிரம், வரி ஆயிரம். வங்காளி அச்சடித்துக் கொடுத்த தாளில் அவள் விரலை வைத்துக் காட்டினேன்.

"இதான் தங்கச்சி ஒன்னோடது. நான் கேக்கவுமில்ல, வாங்கவுமில்ல. அரசாங்கத்துகிட்ட என் பேர்ல சும்மா கெடக்கு."

அவள் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள். "அப்ப அந்த சார் ஏன் அப்பிடிச் சொன்னாரு?" என்றாள்.

வங்காளி குரலைத் தாழ்த்தினான். "அங்கிள், ஒரு ஐடியா. ரிட்டர்ன் திருத்த டைம் இருக்கு. முப்பத்தெட்டாயிரத்தையும் நீங்களே கிளெய்ம் பண்ணிடுங்க. கம்ப்யூட்டர் டீடிஎஸ் மேட்ச் ஆகுதான்னுதான் பாக்கும். ரீஃபண்ட் வந்ததும் இவங்களுக்கெல்லாம் பங்கிட்டுக் குடுத்துடுங்க. டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க."

"வட்டியைக் காட்டாம வரியை மட்டும் கேக்கவா?"

"ஹாங் ஜி" என்று தலையாட்டினான்.

"வட்டி யாருக்கு வருமானமோ அவங்களுக்குத்தான்டா அந்த வரி வரவு. நான் கேட்டா, அன்னிக்கி மண்டபத்துல அந்த ஆள் சொன்னது நெசமாயிரும். பொய்யா இருக்கிறத நெசமாக்க ஐநூறு ரூவா வேற ஒனக்குக் குடுக்கணுமா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கூட்டத்துக்குப் பிறகு அவள் என் முன்னால் சிரித்தது அப்போதுதான்.

வங்காளி கோபித்துக்கொள்ளவில்லை. சரியான வழியையும் அவனே சொன்னான். வரித்துறையால் அந்த எண்ணை மாற்ற முடியாது, எங்களாலும் முடியாது. வரியைப் பிடித்த வங்கிதான் திருத்த அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். இன்னார் எண் தவறு, இன்னார் எண் சரி என்று. அவ்வளவுதான் வேலை. சீக்கிரம் செய்யாவிட்டால் மூன்று லட்சத்து இருபதாயிரம் வட்டியை ஏன் மறைத்தாய் என்று என்னைக் கேட்டு ஒரு நாள் கடிதம் வரும் என்றும் சொன்னான்.

மற்ற ஏழு குடும்பங்களுக்கும் சொன்னேன். அவளுக்குக் கொடுத்த அன்றே வங்கி அவர்களுக்கும் கொடுத்திருந்த 16ஏ சான்றிதழ்களை வாங்கிக்கொண்டேன். பான் கார்டு இல்லாதவர்களுக்கு எடுத்தோம். எட்டு மனு எழுதி, எட்டு பான் நகலோடு, எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். அவர் காலண்டரில் இன்னும் நாற்பது நாள் வெள்ளையாக இருந்தது.

பழைய விண்ணப்பத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். "இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமா. எந்தக் கட்டத்துல இருக்குன்னு வாசிங்க."

தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அறிமுகம் செய்பவர்னு போட்டிருக்கா இல்லியா? கணக்கு வச்சிருக்கிறவர்னா போட்டிருக்கு?"

"கம்ப்யூட்டர்ல பான் நம்பர் கேட்டுச்சு. ஃபார்ம்ல இருந்தது இது ஒண்ணுதான். யாரோ ஸ்டாஃப் போட்டுட்டாங்க. என் காலத்துல நடக்கல."

"வட்டிய மட்டும் அவங்கவங்க கணக்குல சரியாப் போட்டீங்களே. அப்ப ஆள் தெரிஞ்சுது. வரிக்கு மட்டும் எப்படி சார் ஆள் மாறுச்சு?"

எட்டு 16ஏ சான்றிதழையும் மேசையில் வரிசையாக வைத்தேன். எட்டுப் பெயர், ஒரே எண். எட்டிலும் ஒரே தேதி. எட்டிலும் அவர் கையெழுத்து.

"இது யார் காலம்?"

அவர் தண்ணீர் குடித்தார். திருத்தம் போட்டால் மேலிடத்தில் கேள்வி வரும் என்றார். மெயின்லேண்ட் ஆபீஸிலிருந்துதான் செய்ய முடியும் என்றார். நெட் இல்லை என்றார். புயல் என்றார். கப்பல் என்று மட்டும் சொல்லவில்லை.

"அதை கூட்டத்துல சொல்லிருக்கலாமே சார்?" என்று அவள் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். "அண்ணன்மேல போட்டீங்களே."

"நான் உண்மையைத்தாம்மா சொன்னேன். அவர் நம்பர்ல போச்சுன்னேன். அவர் எடுத்தார்னு சொல்லலயே."

இதுதான் நான் பொய் என்று சொல்வது. சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக எடுத்தால் உண்மை. வங்கி போட்ட எண் என்பதை மட்டும் விட்டுவிட்டார். மரமில்லில் இதற்குப் பெயர் உண்டு. உளுத்த கட்டைக்கு வெளியே மட்டும் இழைத்து பாலிஷ் போடுவது.

மனுவில் பெற்றுக்கொண்ட முத்திரை போட மறுத்தார். எட்டுப் பேரும் நானும் அறையிலேயே உட்கார்ந்தோம். சாப்பாட்டு நேரம் வந்தது, அவர் வீட்டுச் சாப்பாடு மேசையில் ஆறியது. மூன்று மணிக்கு முத்திரை விழுந்தது. ஒரு நகலை வங்கியின் மேல் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நாற்பது நாளில் அவர் போய்விட்டார். பதவி உயர்வோடு போனார் என்று கேள்வி. அவர் இடத்துக்கு வந்த அம்மா முதல் மாதமே திருத்த அறிக்கை போட வைத்தார். வங்காளி என் பட்டியலை மறுபடி எடுத்தபோது என் ஆறாயிரம் மட்டும் இருந்தது. அவள் பட்டியலில் அந்த நாலு பதிவும் வந்திருந்தது. அவளுடைய ரிட்டர்னைத் திருத்திக் கணக்கிடச் சொல்லி ஆன்லைனில் மனு போட்டான். இந்தத் தடவை காசு வாங்கவில்லை. சில மாதத்தில் நாலாயிரமும் கொஞ்சம் வட்டியும் அவள் கணக்குக்கு வந்தது.

அந்த வட்டிக்கும் வரி உண்டு, அடுத்த ரிட்டர்னில் காட்ட வேண்டும் என்று சொன்னேன். "ஐயோ, இது என்னண்ணே முடிவே இல்லாத சமாச்சாரம்" என்றாள்.

முந்தைய வருஷங்களில் பிடித்தது வரவில்லை. ரிட்டர்ன் போடும் கெடு தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். எங்கோ ஒரு மேசையில் இருக்கிறது. இப்போதெல்லாம் ஒவ்வொரு ஏப்ரலிலும் அவள் தன் பான் நம்பர் எழுதிய 15ஜியை இரண்டு பிரதியோடு கொண்டுபோய், ஒன்றில் முத்திரை வாங்காமல் நகர்வதில்லை. படிவத்தை ஜெராக்ஸ் கடையில் எடுக்கிறாள். ஒரு ரூபாய்.

பணம் இப்படித் திரும்பியது. என் பெயர் திரும்பவில்லை. எண் மாறிய சமாச்சாரத்தை விளக்கக் கேட்கும் பொறுமை ஊரில் யாருக்கும் இல்லை. மைக்கில் கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்தால், "கியா அங்கிள், இந்த மாசம் யாரு வரி உங்க பேர்ல?" என்று ஒருவன் தவறாமல் கேட்பான். கோயில் கமிட்டியில் வரவு செலவு நோட்டை என்னிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷத்திலிருந்து வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் மட்டும் போகிற இடமெல்லாம் சொல்கிறாள். ஆனால் அவளிடம் மைக் இல்லை.

அதனால் மேலாளர் சார், இது உங்களுக்கு. நீங்கள் எந்த ஊரில், எந்தப் பதவியில் இருந்தாலும் சரி. இங்கே இப்போது நெட் இருக்கிறது, விமானமும் வருகிறது, கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதே கோயில் மண்டபத்துக்கு வாருங்கள். அதே மைக்கை நானே வாடகைக்கு எடுத்து வைக்கிறேன். சமோசாவும் என் செலவு. எட்டுப் பெயருக்குக் கீழே ஒரே எண்ணைப் பார்த்தும் கையெழுத்துப் போட்டீர்களா, பார்க்காமலே போட்டீர்களா? இரண்டில் எது என்று, அன்று கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.